31 பேர், 11 வரிசைகள்

கணக்கு ஆசிரியர் ஒருவர் வகுப்புத் தேர்வின் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு, கரும்பலகையில் இப்படி ஒரு வரியை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

```
3 | 1 5 5 5 5 6 8
```

இதை முதன்முதலில் பார்ப்பவர் தடுமாறுவது இயல்பு. ஒருவர் இதை மூன்று கோடியே பதினைந்து லட்சத்துச் சொச்சம் என்று ஒரே எண்ணாகப் படிக்கப் பார்ப்பார். இன்னொருவர் மூன்று பேரைப் பற்றிய செய்தி என்று நினைப்பார். ஒன்று, ஐந்து, ஆறு என்றெல்லாம் யாரோ மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள் என்று பரிதாபப்படுபவரும் உண்டு. மூன்றுமே தவறு. அந்த ஒரு வரியில் ஏழு மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கிய மதிப்பெண்கள் 31, 35, 35, 35, 35, 36, 38.

கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது பத்தின் இலக்கம். அதற்குத் தண்டு என்று பெயர். வலப்பக்கம் இருப்பவை ஒன்றின் இலக்கங்கள், அவை இலைகள். தண்டில் உள்ள 3 ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் வலப்பக்கம் உள்ள ஒவ்வோர் இலக்கத்துடனும் அது சேர்ந்துகொள்ளும். 3-உடன் 1 சேர்ந்தால் 31, 3-உடன் 5 சேர்ந்தால் 35. ஓர் இலை என்றால் ஒரு மாணவர். இதைப் பிடித்துக்கொண்டால் தண்டு-இலை வரைபடத்தில் பாதி புரிந்த மாதிரிதான்.

முழு வகுப்பையும் பார்ப்போம். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது விளக்கத்துக்காக அமைத்த பட்டியல். தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு, மொத்தம் 31 பேர், நூற்றுக்கு நடந்த கணக்குத் தேர்வு, தேர்ச்சிக்கு 35 வேண்டும். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி மதிப்பெண்கள் இவை:

47, 35, 89, 24, 78, 53, 36, 100, 42, 35, 62, 81, 8, 49, 95, 38, 73, 27, 44, 35, 86, 56, 40, 78, 31, 92, 65, 47, 35, 84, 51.

இந்தப் பட்டியலைப் பார்த்து வகுப்பு எப்படிப் படிக்கிறது என்று ஒரு வரியில் சொல்லச் சொன்னால் யாருக்கும் திணறல்தான். ஒருவர் நூறு வாங்கியிருப்பதும் ஒருவர் எட்டு வாங்கியிருப்பதும் கண்ணில் படும். மற்றவை ஒன்றோடொன்று கலந்து கிடக்கும்.

படம் போடுவதற்குத் தனிக் கணக்கு எதுவும் வேண்டாம். பத்தின் இலக்கங்களை 0 முதல் 10 வரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பட்டியலை முதலிலிருந்து படித்துக்கொண்டே போக வேண்டும். 47 வந்தால் 4-ஆம் வரிசையில் 7 என்று எழுதலாம். 35 வந்தால் 3-ஆம் வரிசையில் 5. அடுத்து 89, எட்டாம் வரிசையில் 9. நூறு எடுத்தவருக்குத் தண்டு 10, இலை 0. எட்டு மதிப்பெண் வாங்கியவருக்குப் பத்தின் இலக்கமே இல்லை என்பதால் தண்டு 0, இலை 8. ஒருமுறை படித்து முடித்ததும் 3-ஆம் வரிசை 5 6 5 8 5 1 5 என்று குழம்பிக் கிடக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிசையிலும் இலைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி மறுபடி எழுதினால் இப்படி வரும்:

```
 0 | 8
 1 |
 2 | 4 7
 3 | 1 5 5 5 5 6 8
 4 | 0 2 4 7 7 9
 5 | 1 3 6
 6 | 2 5
 7 | 3 8 8
 8 | 1 4 6 9
 9 | 2 5
10 | 0

குறிப்பு: 4 | 7 என்றால் 47
```

புதிதாகப் படிப்பவரைக் குழப்பும் இடங்கள் இந்தப் படத்தில் மூன்று உண்டு. 1-ஆம் வரிசையில் இலையே இல்லை. பத்து முதல் பத்தொன்பது வரை யாரும் வாங்கவில்லை என்பதே அதன் பொருள். யாருமில்லாத வரிசைதானே என்று அதை விட்டுவிட்டு 0-க்கு அடுத்து 2 எழுதினால், எட்டு வாங்கிய பிள்ளைக்கும் 24 வாங்கிய பிள்ளைக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளி படத்திலிருந்து காணாமல் போய்விடும். எனவே காலி வரிசையையும் எழுதியே ஆக வேண்டும்.

அடுத்தது பூஜ்யம். 4-ஆம் வரிசையில் முதலில் நிற்கும் 0 வெற்றிடம் அல்ல, நாற்பது வாங்கிய ஒரு மாணவர். அதைத் தேவையில்லாத பூஜ்யம் என்று நினைத்துத் தவிர்த்தால் வகுப்பில் ஓர் ஆள் குறைந்துவிடும். வரைந்து முடித்ததும் இலைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான். இலைகள் 31 வர வேண்டும், 30 வந்தால் எங்கோ ஒருவர் விடுபட்டிருக்கிறார். இதே இடத்தில் பள்ளிகளில் அடிக்கடி நேரும் இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். தேர்வுக்கே வராத மாணவருக்குப் பட்டியலில் ‘ஆப்சென்ட்’ என்று இருக்கும். அதைச் சிலர் பூஜ்யமாக மாற்றி 0 | 0 என்று எழுதிவிடுகிறார்கள். தேர்வு எழுதிப் பூஜ்யம் வாங்கியவரும் காய்ச்சலில் படுத்திருந்தவரும் ஒன்றல்ல. வராதவருக்கு இலை கிடையாது.

மூன்றாவது, கீழே உள்ள அந்தச் சின்னக் குறிப்பு. 4 | 7 என்றால் 47 என்பது தெரிந்த விஷயம்தானே, எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றும். ஆனால் 25 மதிப்பெண்ணுக்கு நடக்கும் அலகுத் தேர்வில் அரை மதிப்பெண் கொடுக்கும் ஆசிரியர் படம் போட்டால் 17 | 5 என்று எழுதுவார். அவருடைய படத்தில் அது 17.5. வருமானத்தையோ மக்கள்தொகையையோ காட்டும் படத்தில் அதே 17 | 5 என்பது 1,750 ஆகவும் இருக்கலாம், 17,500 ஆகவும் இருக்கலாம். படத்துக்கு அது தெரியாது, குறிப்புக்குத்தான் தெரியும். அதனால் இத்தகைய படத்தைக் கையில் எடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது குறிப்பு. குறிப்பு இல்லாத படத்தைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துக் கேட்பது நல்லது.

ஜப்பானிய ரயில் நிலையங்களுக்குப் போனவர்கள் இந்த அமைப்பை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அங்கே கால அட்டவணைகளில் இடது ஓரத்தில் மணி, அதற்கு வலப்பக்கம் அந்த மணியில் ரயில் புறப்படும் நிமிடங்கள் வரிசையாக இருக்கும். காலை ஏழுக்கும் எட்டுக்கும் எதிரே நிமிடங்கள் நீளமாக ஓடும், நள்ளிரவை நெருங்கினால் வரிசை குட்டையாகிவிடும். எந்த நேரத்தில் ரயில் அதிகம் என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடத்தைக்கூட வாசிக்க வேண்டியதில்லை, வரிசையின் நீளமே சொல்லிவிடும்.

மதிப்பெண் படத்திலும் முதல் வாசிப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். எண்களைப் படிக்காமல் கொஞ்சம் தள்ளி நின்று நீளத்தை மட்டும் பார்க்கலாம். நம் வகுப்பில் முப்பதுகளும் நாற்பதுகளும் நீண்டிருக்கின்றன, இரண்டிலும் சேர்த்து 13 பேர். ஐம்பதுகளும் அறுபதுகளும் மெலிந்து கிடக்கின்றன, மொத்தம் ஐந்தே பேர். அதற்குக் கீழே எழுபதிலிருந்து நூறு வரை மறுபடி 10 பேர். ஒரே வகுப்பறையில் இரண்டு கூட்டங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இதைச் சராசரி சொல்லாது. 31 மதிப்பெண்களையும் கூட்டினால் 1,716, அதை 31-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 55. ‘வகுப்புச் சராசரி 55, பரவாயில்லை’ என்று தலைமையாசிரியரின் அறிக்கையில் ஒரு வரி போய்விடும். ஆனால் படத்தின் 5-ஆம் வரிசையைப் பாருங்கள். அங்கே 51, 53, 56 என்று மூன்று பேர்தான். 55 வாங்கிய ஒருவர்கூட வகுப்பில் இல்லை. இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் போய் நிற்கிறது அந்தச் சராசரி. ஐம்பத்தைந்துக்குத் தகுந்த மாதிரிப் பாடம் நடத்தினால் அது முன்னவர்களுக்கும் பொருந்தாது, பின்னவர்களுக்கும் பொருந்தாது.

இரண்டு கூட்டங்கள் ஏன் உண்டாயின என்பதைப் படம் சொல்லாது. வினாத்தாளின் இரண்டாம் பகுதி முழுவதும் ஒரே பாடத்திலிருந்து வந்திருக்கலாம், அந்தப் பாடம் சிலருக்குப் புரிந்து சிலருக்குப் புரியாமல் போயிருக்கலாம். அது விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். எந்தத் தாள்களைப் பிரிப்பது என்பதை மட்டும் படம் காட்டிக்கொடுக்கிறது.

இடைநிலை அளவைக் கண்டுபிடிக்க இந்தப் படத்தைவிடச் சுலபமான வழி கிடையாது. மதிப்பெண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கியதே இடைநிலை. படத்தில் எல்லோரும் ஏற்கெனவே வரிசையில்தான் நிற்கிறார்கள். 31 பேரில் நடுவில் நிற்பவர் 16-ஆமவர், அவருக்கு முன்னே 15 பேர், பின்னே 15 பேர். மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 0-ஆம் வரிசையில் ஒருவர், 2-ஆம் வரிசை முடிய மூவர், 3-ஆம் வரிசை முடிய பத்துப் பேர், 4-ஆம் வரிசையின் கடைசி இலை பதினாறு. அந்த இலை 9, தண்டு 4, ஆகவே இடைநிலை 49. கீழேயிருந்து எண்ணினாலும் அதே இலையில்தான் வந்து நிற்க வேண்டும், நிற்காவிட்டால் எண்ணியதில் பிழை. இங்கே ஆரம்பநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பதினாறாவது இலை 9 என்று கண்டுபிடித்துவிட்டு, விடை 9 என்று எழுதிவிடுவார்கள். தண்டைச் சேர்க்க மறந்தால் வகுப்பின் நடு மாணவர் ஒன்பது மதிப்பெண் வாங்கியவராகிவிடுவார்! வகுப்பில் 32 பேர் இருந்தால் நடுவில் இரண்டு பேர் நிற்பார்கள். 16-ஆமவரும் 17-ஆமவரும் வாங்கியதைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும்.

சராசரி 55, இடைநிலை 49. மேலே உள்ள பத்துப் பேரின் பெரிய மதிப்பெண்கள் சராசரியை இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் ஐம்பதைத் தொடவில்லை என்ற செய்தியை 55 மறைத்துவிட்டது, 49 சொல்லிவிட்டது.

இப்போது தொடக்கத்தில் பார்த்த அந்த 3-ஆம் வரிசைக்குத் திரும்பலாம், இந்தப் படத்தின் மிகச் சுவையான பகுதி அதுதான். தேர்ச்சிக் கோடு 35 என்பது வரிசையின் நடுவில் விழுகிறது. 3-ஆம் வரிசையில் ஏழு பேர் என்று மட்டும் தெரிந்தால் எத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்ல முடியாது. 30 முதல் 39 வரை ஒரே பட்டையாகப் போட்ட பட்டை வரைபடத்தில் இந்த விவரம் அழிந்தே போய்விடும். தண்டு-இலைப் படத்தில் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் அப்படியே இருப்பதால் வரிசைக்குள் நுழைந்து பார்க்கலாம். 31 வாங்கியவர் தேறவில்லை, மற்ற ஆறு பேரும் தேறிவிட்டார்கள். மேலே உள்ள 8, 24, 27 ஆகியவற்றையும் சேர்த்தால் தேறாதவர்கள் நால்வர்.

அத்துடன் கண் இன்னொன்றையும் பிடிக்கும். 32, 33, 34 வாங்கியவர் எவருமில்லை. 35 மட்டும் நான்கு பேர். வகுப்பில் வேறெந்த மதிப்பெண்ணும் இரண்டு பேருக்கு மேல் வரவில்லை. தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வெற்றிடம், கோட்டின் மேலேயே நெரிசல்.

ஆசிரியர்களுக்கு இதன் காரணம் சொல்லத் தெரியாமலில்லை. 33 வந்த தாளை மறுபடி புரட்டுவார்கள், எங்காவது ஒரு வழிமுறைக்கு ஒரு மதிப்பெண், ஒரு சூத்திரத்துக்கு இன்னொன்று என்று தேடிப்பார்ப்பார்கள். 72 வந்த தாளை யாரும் அப்படிப் புரட்டுவதில்லை. 34.5 வந்தால் முழுமையாக்கி 35 என்று போடுவதும் சாதாரணம். ஒரு வகுப்பில் நான்கு பேர் 35 வாங்கியிருப்பது தற்செயலாகவும் நிகழக்கூடியதே. 31 பேரை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு தேர்விலும், ஒவ்வொரு வகுப்பிலும் இதே வடிவம் வந்தால் அது வேறு கதை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அப்படித்தான் நடந்தது. அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் ரீஜென்ட்ஸ் தேர்வின் தாள்களை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே திருத்தி வந்தார்கள். தேர்ச்சிக் கோடு 65. கணிதம், அறிவியல் தாள்களில் 60 முதல் 64 வரை வந்தவற்றை மறுபடி திருத்த வேண்டும் என்று விதியே இருந்தது. மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று படம் போட்டுப் பார்த்தபோது 65-க்குச் சற்றுக் கீழே பள்ளமும் 65-இல் திடீர் மேடும் தெரிந்தன. கோட்டுக்கு அருகில் இருந்த மதிப்பெண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் உயர்த்தப்பட்டவை என்று பொருளியல் ஆய்வாளர்கள் நால்வர் கணக்கிட்டார்கள். 2011-இல் மறுதிருத்தம் நிறுத்தப்பட்டது, அடுத்துத் தங்கள் பள்ளித் தாள்களைத் தாங்களே திருத்தும் முறையும் கைவிடப்பட்டது. மேடும் பள்ளமும் மறைந்துவிட்டன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் என்பதால் அவர்கள் போட்டது தண்டு-இலைப் படம் அல்ல. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு புள்ளி வைத்துப் போட்ட வரைபடம். ஆனால் பத்துப் பத்தாகக் கட்டாமல் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தனித்தனியாக விட்டுவைத்ததால்தான் அந்த மேடு தெரிந்தது. வகுப்பு அளவில் அந்த வசதியைத் தருவது இந்த இலைகள்.

தேர்ச்சிக் கோடு 35 என்பதால் வரிசைகளை ஐந்தைந்தாகப் பிரித்துப் போடுவது நம் பள்ளிகளுக்குப் பொருத்தமாக இருக்கும். ஒவ்வொரு தண்டையும் இரண்டு முறை எழுதி, முதல் வரிசையில் 0 முதல் 4 வரையிலான இலைகளையும் அடுத்த வரிசையில் 5 முதல் 9 வரையிலானவற்றையும் வைப்பதே வழி. நம் படத்தின் நடுப்பகுதி அப்போது இப்படி மாறும்:

```
2 | 4
2 | 7
3 | 1
3 | 5 5 5 5 6 8
4 | 0 2 4
4 | 7 7 9
```

தேர்ச்சிக் கோடு இப்போது இரண்டு வரிசைகளுக்கு நடுவில் சரியாக விழுகிறது. மேலே உள்ளவை தேறாதவை, கீழே உள்ளவை தேறியவை. தண்டு இரண்டு முறை வந்திருக்கிறதே, எழுத்துப்பிழையோ என்று புதியவர் மிரள வேண்டாம். இலைகளைப் பார்த்தால் எந்தப் பாதி எது என்று புரிந்துவிடும். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. பிரித்தால் 0 முதல் 10 வரை எல்லாத் தண்டுகளையும் பிரிக்க வேண்டும். 3-ஐ மட்டும் பிரித்துவிட்டு மற்றவற்றைப் பத்துப் பத்தாக விட்டால் ஐந்து மதிப்பெண் அகலமுள்ள வரிசையும் பத்து மதிப்பெண் அகலமுள்ள வரிசையும் அருகருகே நிற்கும், அவற்றின் நீளத்தை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. 25 மதிப்பெண் அலகுத் தேர்வுக்கு இந்தப் பிரிப்பு கட்டாயம் என்றே சொல்லலாம். பிரிக்காவிட்டால் 0, 1, 2 என்று மூன்றே தண்டுகள்தான் வரும், மொத்த வகுப்பும் அந்த மூன்றில் அடைந்துகொள்ளும்.

நீளத்தைப் பார்த்துத்தான் படிக்கிறோம் என்பதால், கையால் எழுதும்போது ஒவ்வோர் இலையும் ஒரே அளவு இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒன்று என்ற இலக்கம் மெலிந்தது, எட்டு தடித்தது. கோடில்லாத தாளில் எழுதினால் நான்கு எட்டுகள் ஐந்து ஒன்றுகளைவிட நீளமாகிவிடும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கட்டத்துக்கு ஓர் இலை என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

இந்த முறையைப் பரவலாக்கியவர் ஜான் டூகி என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர். 1915-இல் பிறந்து 2000-இல் மறைந்த அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பெல் ஆய்வகத்திலும் வேலை செய்தார். 1977-இல் வெளிவந்த அவருடைய புத்தகம் ஒன்று, தரவுகளைச் சூத்திரத்துக்குள் தள்ளுவதற்கு முன் பென்சிலால் வரைந்து பார்க்கச் சொன்னது, அதில் இந்தப் படத்துக்கு முக்கிய இடம் கொடுத்திருந்தார். கணினித் தகவலின் மிகச் சிறிய அலகுக்கு ‘பிட்’ என்று பெயர் வைத்தவரும் இவரே என்பது ஓர் உபரிச் செய்தி. கணினியை நன்றாக அறிந்த மனிதர் பென்சிலைப் பரிந்துரைத்திருக்கிறார்.

இன்று பென்சில் வேண்டாம் என்பவர்களுக்கு, புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளை போதும். மதிப்பெண்களை marks என்ற பெயரில் கொடுத்துவிட்டு இப்படி எழுதினால் படம் வந்துவிடும்:

```
stem(marks)
```

படத்தின் மேலே ஒரு வரியும் சேர்ந்து வரும்:

```
The decimal point is 1 digit(s) to the right of the |
```

நாம் மேலே பார்த்த குறிப்புதான் இது, கணினி தன் பாணியில் எழுதியிருக்கிறது. புள்ளி கோட்டுக்கு வலப்பக்கம் ஓர் இலக்கம் தள்ளி இருக்கிறது, அதாவது 4 | 7 என்பது 47 என்கிறது. நம் 31 பேர் பட்டியலுக்கு அது பத்துப் பத்தாகவே வரிசை போடும். ஆனால் வரிசையின் அகலத்தைத் தீர்மானிப்பது மென்பொருளே. மதிப்பெண்கள் இதே போல எட்டிலிருந்து நூறு வரை பரவியிருந்து, வகுப்பில் இருபது பேர் மட்டும் இருந்தால், அது இரண்டு பத்துகளை ஒரே வரிசையில் சேர்த்துவிடும். தண்டுகள் 0, 2, 4, 6 என்று ஒன்றுவிட்டு ஒன்றாக வரும், முப்பதுகளில் உள்ளவர்களும் 2-ஆம் வரிசையில் நிற்பார்கள். அறியாதவர் 35-ஐ 25 என்று படித்துவிடுவார். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. அடுக்கிய வரிசையில் இலைகள் ஏறிக்கொண்டேதான் போக வேண்டும். 4, 7 என்று ஏறிவிட்டு மறுபடி 1, 5 என்று இறங்கி ஏறினால் அங்கே அடுத்த பத்து தொடங்கிவிட்டது என்று பொருள். கட்டளையை stem(marks, scale = 2) என்று மாற்றிக் கொடுத்தால் பத்துப் பத்தாகப் பிரிந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து அதே வகுப்புக்கு இன்னொரு தேர்வு வைக்கிறார்கள். இரண்டு தேர்வுகளையும் ஒப்பிட ஒரே தண்டை நடுவில் வைத்து, பழைய மதிப்பெண்களை இடப்பக்கமும் புதியவற்றை வலப்பக்கமும் எழுதுவது வழக்கம்.

```
      முதல்          இரண்டாவது
            8 |  0 |
              |  1 |
          7 4 |  2 | 9
8 6 5 5 5 5 1 |  3 | 2 6 9
  9 7 7 4 2 0 |  4 | 1 3 5 8 8
        6 3 1 |  5 | 0 2 4 6 7 9
          5 2 |  6 | 1 3 3 8
        8 8 3 |  7 | 0 4 6 9
      9 6 4 1 |  8 | 2 5 7 8
          5 2 |  9 | 0 3 6
            0 | 10 | 0

குறிப்பு: 7 | 4 | 1 என்றால் முதல் தேர்வில் 47, இரண்டாவதில் 41
```

இடப்பக்கத்தைப் படிக்கும்போதுதான் எச்சரிக்கை தேவை. இலைகள் தண்டிலிருந்து வெளிநோக்கி வளர்கின்றன, ஆகவே அங்கே வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். 2-ஆம் வரிசையின் இடப்பக்கம் 7 4 என்று இருப்பதை வழக்கம்போல இடமிருந்து படித்து 72 என்றோ 742 என்றோ சொல்லிவிடுவார்கள். தண்டு எந்தப் பக்கம் இருந்தாலும் பத்தின் இலக்கம் அதுதான். அங்கே இருப்பவை 24-உம் 27-உம்.

படம் சொல்லும் மாற்றம் தெளிவாக இருக்கிறது. இடப்பக்கம் மெலிந்து கிடந்த ஐம்பதுகளும் அறுபதுகளும் வலப்பக்கம் நிரம்பியிருக்கின்றன, ஐந்து பேர் இருந்த இடத்தில் பத்துப் பேர். முப்பதுகளில் ஏழு பேர் மூவராகக் குறைந்துவிட்டார்கள். வலப்பக்கத்தில் 16-ஆம் இலையை எண்ணினால் 61 வருகிறது, ஆக இடைநிலை 49-இலிருந்து 12 மதிப்பெண் ஏறியிருக்கிறது. தேறாதவர்கள் இருவர், 29-உம் 32-உம் வாங்கியவர்கள். 35-இல் இருந்த நெரிசலும் இந்தத் தேர்வில் இல்லை. இரண்டாம் வினாத்தாள் சுலபமாக இருந்ததா, பாடம் உண்மையிலேயே புரிந்ததா என்பதை வினாத்தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முதல் தேர்வில் எட்டு வாங்கிய பிள்ளை இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டால் மட்டும் இந்தப் படத்திடம் பதில் கிடையாது. வலப்பக்கம் 0-ஆம் வரிசை காலி, அவர் ஏறியிருக்கிறார் என்பது உறுதி. ஆனால் 29 வாங்கியவர் அவரா, 61-க்குத் தாவியவரா என்பது இலையில் எழுதியிருக்காது. மதிப்பெண்ணை வரிசையில் அடுக்கும்போதே பெயர் உதிர்ந்துவிடுகிறது. 31 பேரில் 25 பேர் ஏறி, ஆறு பேர் இறங்கியிருந்தாலும் படம் இப்படியே இருக்க முடியும், அந்த ஆறு பேரைத் தேட வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டின் வரிசையில் இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய பழைய பட்டியல்தான் வேண்டும்.